இரண்டு ரீம் காகிதமும் ஒரு படக்குறிப்பும்

திருப்பூரில் பிசியோதெரபி மையம் நடத்துகிறேன் என்றால், வருகிறவர்கள் எல்லாரும் தையல் இயந்திரத்தில் உட்காருகிறவர்கள்தான் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அவர்களும் வருகிறார்கள். ஆனால் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களில் நிறையப் பேர் மேசை வேலைக்காரர்கள்: நூல் கடையின் கணக்காளர், பனியன் ஏற்றுமதி அலுவலகத்தின் மெர்ச்சண்டைசர், ஆடிட்டர் அலுவலகத்தில் பில் பதிவு செய்யும் பெண்கள். ஜி.எஸ்.டி. தாக்கலுக்கான 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் நெருங்கும் நாட்களில் எங்கள் தொலைபேசி அதிகம் அடிக்கும். மார்ச் மாதக் கடைசியைச் சொல்லவே வேண்டாம்.

இவர்களுக்காக எங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்திலும் வாட்ஸ்அப்பிலும் போட ஒரு படமும் அதன் கீழே ஒரு குறிப்பும் வேண்டியிருந்தது. எப்படி உட்கார வேண்டும் என்று சில யோசனைகள், கடைசியில் நேரம் பதிவு செய்துகொள்ள ஓர் அழைப்பு, அவ்வளவுதான். பக்கத்துத் தெருவில் விளம்பர வடிவமைப்புச் செய்யும் ஒரு தம்பி மறுநாளே ஒன்றைச் செய்து அனுப்பினார். படத்தில் நீல நிற மனிதன், அவன் கழுத்தெலும்பு மட்டும் தீப்பிடித்ததுபோல் சிவப்பு. கீழே இப்படி எழுதியிருந்தார்:

“கழுத்து வலியா? முதுகு வலியா? இனி கவலை வேண்டாம்! குனிந்து உட்கார்ந்தால் உங்கள் கழுத்தில் 27 கிலோ பாரம்! தவறான அமர்வு தேய்மானத்தில் முடியும்! மாத்திரை இல்லை, அறுவைச் சிகிச்சை இல்லை, 7 நாட்களில் நிரந்தரத் தீர்வு! இன்றே வாருங்கள்!”

“எல்லாரும் இப்படித்தான் அக்கா போடுகிறார்கள்” என்றார். உண்மைதான், எல்லாரும் இப்படித்தான் போடுகிறார்கள். அவரை எதிரில் உட்காரவைத்து வரி வரியாகப் பார்த்தோம். அடித்த ஒவ்வொரு வரிக்கும் நான் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. அப்படிச் சொல்லச் சொல்லத்தான் புதிய குறிப்பில் எது இருக்க வேண்டும் என்பது தெளிவானது.

முதலில் அந்த 27 கிலோ. இந்த எண் எங்கள் தொழிலில் ஊர் ஊராகச் சுற்றுகிறது. 2014-இல் நியூயார்க்கைச் சேர்ந்த முதுகெலும்பு அறுவை மருத்துவர் ஒருவர் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வந்தது அது. நிமிர்ந்த நிலையில் தலையின் எடை சுமார் ஐந்து கிலோ, 60 பாகை குனிந்தால் கழுத்தின் மீது விழும் விசை ஏறக்குறைய 27 கிலோவுக்குச் சமம் என்பது அதன் சாரம். அது கணினி மாதிரியில் போட்ட கணக்கு. உயிருள்ள மனிதர்களின் கழுத்தில் அளந்து, அவர்களில் யாருக்கு வலி வந்தது என்று பார்த்துச் சொன்னதல்ல. குனிந்தால் கழுத்துத் தசைகளுக்கு வேலை கூடும் என்பது சரி. வேலை கூடினால் எலும்பு தேய்ந்துவிடும் என்பது அந்தக் கணக்கில் இல்லை. மாடிப்படி ஏறும்போது முழங்காலின் மீது விழும் விசை உடல் எடையைவிடப் பல மடங்கு. அதற்காக யாரையும் மாடி ஏறாதே என்று நாம் சொல்வதில்லை.

அடுத்து “தவறான அமர்வு தேய்மானத்தில் முடியும்” என்ற வரி. இன்ன விதமாக உட்கார்ந்தால் வலி வரும், இன்ன விதமாக உட்கார்ந்தால் வராது என்று கோடு கிழித்துச் சொல்ல ஆய்வுகள் இடம் கொடுப்பதில்லை. கூன் போட்டு உட்கார்ந்து வலியே இல்லாதவர்கள் இருக்கிறார்கள். கம்பி வைத்ததுபோல் நிமிர்ந்து உட்கார்ந்து மாலையில் முதுகு கடுத்துப்போய் வருகிறவர்களும் இருக்கிறார்கள். நான் பார்த்தவரை, எந்த நிலையானாலும் அசையாமல் அதிலேயே மணிக்கணக்கில் இருப்பதுதான் தொந்தரவு. எக்ஸ்ரேயில் தெரியும் தேய்மானத்துக்கு வருவோம். நாற்பது வயதுக்கு மேல் வலியே இல்லாதவர்களை வரிசையாக நிற்கவைத்துப் படம் எடுத்தாலும் பலருக்கு ஏதாவது தேய்மானம் தெரியும். தலைமுடி நரைப்பதுபோல அதில் பெரும்பகுதி வயதின் அடையாளம். அதைப் பயமுறுத்தும் சொல்லாக மாற்றினால் படிக்கிறவர் கழுத்தைத் திருப்பவே அஞ்சுவார். அசைக்காத கழுத்து மேலும் இறுகும். அதாவது விளம்பரமே வலியைக் கூட்டும்.

பிறகு “7 நாட்களில் நிரந்தரத் தீர்வு”. இதில் சட்டமும் குறுக்கே வரும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இல் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் இருக்கிறது. 2022 ஜூனில் வந்த வழிகாட்டு நெறிகளும் நிரூபிக்க முடியாததை விளம்பரத்தில் சொல்லாதே என்கின்றன. ஆனால் நான் அந்த வரியை அடித்தது அபராதத்துக்குப் பயந்து அல்ல. திடீரென்று பிடித்துக்கொள்ளும் கழுத்து வலியில் பெரும்பாலானவை எதுவும் செய்யாவிட்டாலும் சில வாரங்களில் கணிசமாகக் குறையும். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் ஆட்கள் எங்களிடம் வருகிறார்கள். உச்சத்துக்குப் பிறகு இறக்கம்தான். அந்த இறக்கத்தை என் கைராசி என்று எழுதிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. இன்னொரு பக்கம், பல மாதமாக இருக்கும் வலி அடங்கும், மறுபடி தலைகாட்டும், மறுபடி அடங்கும். அதற்கு “நிரந்தரம்” என்று வாக்குக் கொடுத்தால், ஆறு மாதம் கழித்து அதே நபர் அந்தப் படத்தைக் கைப்பேசியில் காட்டி “என்ன இப்படி?” என்று கேட்பார். கேட்க அவருக்கு உரிமை உண்டு.

“மாத்திரை இல்லை, அறுவைச் சிகிச்சை இல்லை” என்பதும் போனது. மருத்துவர் கொடுத்த மாத்திரையைச் சிலர் இதைப் படித்து நிறுத்திவிடுகிறார்கள். அறுவை தேவைப்படும் சிலரும் எங்கள் வாசலில்தான் முதலில் வந்து நிற்கிறார்கள்.

“அப்படியென்றால் எதைத்தான் அக்கா போடுவது?” என்றார் தம்பி, கொஞ்சம் சலிப்போடு. அதற்குப் பதிலாக அவருக்கு ஒரு கணக்காளரைப் பற்றிச் சொன்னேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றி இங்கேயும் எழுதுகிறேன்.

அவருக்கு நாற்பதைத் தாண்டிய வயது, ஐந்தடி உயரம். நூல் வியாபார அலுவலகம் ஒன்றில் பில்களைக் கணினியில் பதிவு செய்கிறார். வலது பக்கக் கழுத்திலிருந்து தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பு வரை வலி. காலையில் இருக்காது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏறும், 20-ஆம் தேதியை ஒட்டி இரவிலும் தொடரும். எக்ஸ்ரேயில் “ஆரம்பக்கட்டத் தேய்மானம்” என்று எழுதியிருந்தார்கள். யாரோ “இனி தண்ணீர்க் குடம் தூக்காதே” என்று சொல்லிவிட்டார்கள். கழுத்துப் பட்டையை மாட்டிக்கொண்டே அலுவலகம் போய்வந்துகொண்டிருந்தார்.

நான் முதலில் பார்த்தது ஆபத்து ஏதாவது இருக்கிறதா என்று. கைப்பிடி வலு இரு பக்கமும் சமமாக இருந்தது. விரல் நுனிகளில் உணர்ச்சி சரியாக இருந்தது. கை மரத்துப்போவது, பொருள் நழுவுவது, நடையில் தடுமாற்றம் எதுவும் இல்லை. தலையைச் சாய்த்து மெதுவாக அழுத்தியபோது வலி கைக்கு இறங்கவில்லை. இடது பக்கம் திருப்பும்போது மட்டும் வலப்பக்கம் இழுத்தது. நரம்பு அழுத்தப்படுவதற்கான அறிகுறி இல்லை என்று ஆனதும், அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: நாளை அலுவலகத்தில் உங்களுக்குத் தெரியாமல் பக்கவாட்டிலிருந்து ஒரு படம் எடுத்து அனுப்பும்படி தோழியிடம் சொல்லுங்கள். தெரிந்து எடுத்தால் எல்லாரும் நிமிர்ந்துவிடுவார்கள்.

அந்த ஒரு படத்தில் மூன்று விஷயங்கள் இருந்தன.

ஒன்று, திரை. கணினிப் பெட்டியைப் படுக்கவைத்து அதன் மேல் திரையை ஏற்றியிருந்தார்கள். “திரை கண் மட்டத்தில் இருக்க வேண்டும்” என்று எல்லாரும் சொல்வதால் செய்த வேலை. ஆனால் இவர் அண்மையில்தான் புராக்ரசிவ் கண்ணாடிக்கு மாறியிருந்தார். அந்தக் கண்ணாடியில் கிட்டத்தில் உள்ளதைப் பார்க்கும் பகுதி கீழே இருக்கிறது. உயரத்தில் இருக்கும் திரையைக் கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்க வேண்டுமானால் முகவாயைத் தூக்கியாக வேண்டும். நாள் முழுவதும் அவர் அப்படித்தான் அண்ணாந்து கொண்டிருந்தார். ஊர் முழுக்கச் சொல்லும் அறிவுரை இவருக்குத் தலைகீழாக வேலை செய்தது.

இரண்டு, பில் கட்டு. விசைப்பலகைக்கு இடப்பக்கம், மேசை மேல் தட்டையாகக் கிடந்தது. ஒவ்வொரு பில்லுக்கும் தலை இடப்பக்கம் திரும்பிக் குனிகிறது, பிறகு திரைக்கு எழும்புகிறது. சோதித்தபோது இடது பக்கம் திருப்பினால் மட்டும் இழுத்தது இதோடு பொருந்தியது.

மூன்று, தொங்கும் கால்கள். நம் ஊர் அலுவலக மேசைகளின் உயரம் பெரும்பாலும் 75 சென்டிமீட்டர், அதாவது இரண்டரை அடி. ஐந்தடி உயரமுள்ள பெண் காலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்தால் அவருடைய முழங்கை அதைவிடப் பத்து சென்டிமீட்டருக்கும் அதிகமாகத் தாழ்ந்து நிற்கும். அப்படியே தட்டச்சு செய்தால் தோள் காதை நோக்கி உயரும். அதைத் தவிர்க்க அவர் நாற்காலியை ஏற்றியிருந்தார். தோள் இறங்கியது, கால் தொங்கியது. தொங்கிய காலை நாற்காலிச் சக்கரத்தின் கம்பியில் மாட்டிக்கொண்டார். அப்படி மாட்டினால் இடுப்பு முன்னே வழுக்கும், முதுகு சாய்மானத்தை விட்டு விலகும், தலை முன்னே நீளும்.

புதிய நாற்காலி வாங்கித் தரும் முதலாளி இல்லை, அதை நான் கேட்கவும் இல்லை. திரையைக் கணினிப் பெட்டியிலிருந்து இறக்கி மேசை மேலேயே வைத்தார், முகவாய் தானாகத் தாழ்ந்தது. கண் மருத்துவரிடம் திரைத் தூரத்துக்கு மட்டும் ஒரு தனிக் கண்ணாடி கேட்டுப் பார்க்கச் சொன்னேன், அதைப் பிறகு வாங்கிக்கொண்டார். பில்களை விசைப்பலகைக்கும் திரைக்கும் நடுவில், ஒரு பழைய பாக்ஸ் ஃபைலைச் சரிவாகச் சாய்த்து அதன் மேல் வைத்தார். இப்போது தலை பக்கவாட்டில் திரும்ப வேண்டியதில்லை, கண் மேலும் கீழும் போனால் போதும். காலுக்கு இரண்டு ரீம் ஏ4 காகிதம். ஒரு ரீம் ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் தடிமன், இரண்டு சேர்ந்தால் பத்து, அவருக்கு வேண்டிய அளவு அதுதான். பிரிக்காத கட்டுகளைப் பெரிய டேப்பால் சுற்றிக் காலடியில் போட்டார். எந்த அலுவலகத்திலும் கிடைக்கும் பொருள் என்பதால் இதை நான் எல்லாருக்கும் சொல்கிறேன்.

கழுத்துப் பட்டையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினோம். எலும்பு முறிவு போன்ற காரணம் இல்லாதபோது அதை நாள் கணக்கில் மாட்டிக்கொண்டிருந்தால் தசை சோம்பிப்போகும். ரப்பர் பட்டை ஒன்றைக் கொடுத்து, அதன் நடுப்பகுதியைக் காலால் மிதித்து, இரு முனைகளையும் பிடித்துக் கைகளைப் பக்கவாட்டில் தோள் உயரம் வரை தூக்கி இறக்கும் பயிற்சியை, நாளுக்கு இரண்டு நிமிடம் என்று ஆரம்பித்தோம். இரண்டு நிமிடம் என்பது நான் சோம்பேறிகளுக்காகக் கண்டுபிடித்தது அல்ல. டென்மார்க்கில் அலுவலக ஊழியர்களிடம் செய்து 2011-இல் வெளியான ஆய்வில், இப்படி வாரம் ஐந்து நாள், பத்து வாரம் செய்தவர்களுக்குக் கழுத்து, தோள் வலி குறைந்தது. நாளுக்கு 12 நிமிடம் செய்தவர்களுக்கும் 2 நிமிடம் செய்தவர்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வலி குறைந்தது என்றுதான் அந்த ஆய்வு சொல்கிறது, மறைந்தது என்று அல்ல.

அவருக்கு என்ன ஆனது? சில வாரங்களில் மதிய வலி நன்றாகக் குறைந்தது. குடம் தூக்குகிறார். 20-ஆம் தேதியை ஒட்டி இரவு வரை உட்காரும் நாட்களில் இன்னும் வலிக்கிறது, முன்போல் தூக்கத்தைக் கெடுப்பதில்லை. இதில் ரீம் காகிதத்தின் பங்கு எவ்வளவு, ரப்பர் பட்டையின் பங்கு எவ்வளவு, பயம் விலகியதன் பங்கு எவ்வளவு, காலம் தானாகச் செய்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. “நாற்பது வயதுப் பெண்ணின் கழுத்து வலியைக் குணமாக்கினோம்” என்று படம் போட்டால் பொய். அவர் சம்மதித்தாலும் அவர் பெயரையோ படத்தையோ போட மாட்டேன். ஒருவருக்கு நடந்தது தனக்கும் நடக்கும் என்றுதான் படிக்கிறவர் எடுத்துக்கொள்வார்.

தம்பி கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, “அந்த ரீம் காகிதத்தையே படமாகப் போடலாமே” என்றார். சிவப்புக் கழுத்து மனிதன் அங்கேயே ஒழிந்தான். எங்கள் வரவேற்பு மேசைக்குக் கீழே இரண்டு ரீமை வைத்து, அதன் மேல் செருப்பு கழற்றிய இரு பாதங்களை எங்கள் ஊழியரே வைத்து, கைப்பேசியில் எடுத்த படம்தான் இப்போது இருப்பது.

குறிப்பை எழுதும்போது எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். இதைப் படிக்கிறவர்களில் பெரும்பாலோர் எங்களிடம் வரப்போவதில்லை, அவர்களுக்கும் இது முழுதாகப் பயன்பட வேண்டும். “இரகசியத்தை அறிய எங்களிடம் வாருங்கள்” என்று பாதியில் நிறுத்தக் கூடாது. ஆகவே அளவு சொன்னால், அதைத் தன் நாற்காலியிலேயே எப்படிச் சோதிப்பது என்பதையும் சொல்ல வேண்டும். அதிகமாகவும் கூடாது. பத்து யோசனைகள் போட்டால் ஒன்றையும் செய்யமாட்டார்கள். மூன்றோடு நிறுத்தினேன்.

திரை உயரத்துக்கு நாங்கள் சொல்லும் சோதனை கண்ணை மூடித் திறப்பது. வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்து, நேராகப் பார்த்து, கண்ணை மூடித் திறக்க வேண்டும். பார்வை விழும் இடம் திரையின் மேல்பகுதியாக இருந்தால் போதும். மடிக்கணினியில் இது நடக்கவே நடக்காது, ஏனென்றால் அதில் திரையும் விசைப்பலகையும் ஒட்டிப் பிறந்தவை, ஒன்றை ஏற்றினால் மற்றதும் ஏறும். தினமும் பல மணி நேரம் மடிக்கணினியில் வேலை செய்கிறவர் முதலில் வாங்க வேண்டியது தனி விசைப்பலகையும் மவுசும்தான். விலையுயர்ந்த நாற்காலி அதற்குப் பிறகு. கண்ணாடி விஷயத்தைக் குறிப்பில் தனியாகச் சேர்த்தேன். அந்தக் கணக்காளரைப் போல் அண்ணாந்து பார்க்கிறவர்கள் திருப்பூரில் மட்டும் எத்தனை பேர் இருப்பார்கள் என்று எனக்கு ஓரளவு தெரியும்.

எழுந்திருப்பதைப் பற்றி எழுதும்போது எங்களுக்குள் வாதம் வந்தது. அரைமணிக்கு ஒருமுறை எழுந்திருங்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள், கைப்பேசியில் மணி வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். மூன்றாம் நாளில் அந்த மணியை அணைத்துவிடுவார்கள், நானே பார்த்திருக்கிறேன். வேலையோடு சேர்ந்து தானாக வரும் சாக்கு ஒன்று இருந்தால்தான் நிற்கும். அழைப்பு வந்தால் நின்றுகொண்டு பேசுவது ஒன்று. இன்னொன்று, மேசை மேல் இருக்கும் ஒரு லிட்டர் பாட்டிலை எடுத்துவிட்டுச் சிறிய டம்ளர் வைப்பது. பாட்டில் இருந்தால் மாலைவரை எழுந்திருக்கக் காரணமே இல்லை. டம்ளர் காலியானால் போய் நிரப்ப வேண்டும், தண்ணீர் குடித்தால் இன்னோர் இடத்துக்கும் போக வேண்டும்.

ஆபத்து அறிகுறிகளை அழைப்புக்கு மேலே வைத்தேன், கீழே அல்ல. “இவ்வளவு பயங்கரமாக எழுதினால் ஆட்கள் வருவார்களா?” என்று தம்பி கேட்டார். அந்த அறிகுறி உள்ளவர் எங்களிடம் வரக்கூடாது என்பதுதான் நோக்கம். நெஞ்சு இறுக்கத்தோடு தாடைக்கும் இடது தோளுக்கும் ஏறும் வலியைத் “தோள் பிடிப்பு” என்று நினைத்து எங்களிடம் நேரம் கேட்கிறவர்கள் உண்டு. அவர்கள் பதிவு செய்யக் காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் இதயத்துக்குக் கேடு.

அழைப்பில் என்ன சொல்வது என்பதுதான் கடைசிச் சிக்கல். குணத்தை வாக்களிக்க முடியாது. அப்படியானால் எதை வாக்களிப்பது? என் கையில் இருப்பது முதல் சந்திப்பு மட்டும். அதில் என்ன செய்வோம், எவ்வளவு நேரம் ஆகும், என்ன கொண்டுவர வேண்டும், முடிவில் என்ன சொல்வோம் என்பதை நான் உறுதியாகச் சொல்ல முடியும். அதை மட்டும் எழுதினோம். பத்து நாள் சிகிச்சைக்கு முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்ற வழக்கம் எங்கள் தொழிலில் இருக்கிறது, சோதித்துப் பார்க்கும் முன்பே பத்து நாள் என்று எப்படித் தெரியும் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இறுதியில் வெளியானது இது:

“உங்கள் கால் தரையைத் தொடுகிறதா? மேசையில் உட்கார்ந்தபடியே கீழே குனிந்து பாருங்கள்.

தொங்கினால்: பிரிக்காத ஏ4 காகிதக் கட்டு ஒன்றோ இரண்டோ காலடியில் வையுங்கள். முழங்கால் மடிப்புக்கும் இருக்கையின் விளிம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். முதுகு சாய்மானத்தைத் தொடட்டும்.

திரை: சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடித் திறங்கள். பார்வை திரையின் மேல்பகுதியில் விழுந்தால் சரி. திரை ஒரு கை நீளத் தூரத்தில் இருக்கட்டும். பைஃபோகல், புராக்ரசிவ் கண்ணாடி அணிகிறவர்கள் திரையை இன்னும் தாழ்த்துங்கள். முகவாயைத் தூக்கிப் பார்க்கும்படி இருக்கக் கூடாது.

அசைவு: எந்த நிலையும் நாள் முழுவதற்கும் ஏற்றதல்ல. அரைமணிக்கு ஒருமுறையாவது எழுந்து ஓரிரு நிமிடம் நில்லுங்கள், நடங்கள். பெரிய பாட்டிலுக்குப் பதில் சிறிய டம்ளர் வைத்துக்கொண்டால் தானாக எழுவீர்கள்.

இவை பலருக்குச் சௌகரியம் தரும். எல்லாருடைய வலிக்கும் உட்காரும் விதமே காரணம் அல்ல.

கை மரத்துப் பிடி தளர்வது, நடை தடுமாறுவது, சிறுநீர் அல்லது மலத்தை அடக்க முடியாமல் போவது, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, விழுந்து அடிபட்ட பின் வரும் வலி, நெஞ்சு இறுக்கத்தோடு கைக்கோ தாடைக்கோ பரவும் வலி: இவற்றில் எது இருந்தாலும் எங்களுக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

வலி சில வாரங்களாகத் தொடர்ந்தாலோ வேலையையும் தூக்கத்தையும் கெடுத்தாலோ ஒருமுறை வந்து பார்க்கலாம். முதல் சந்திப்பு சுமார் 40 நிமிடம். கழுத்து, தோள், கை வலுவைச் சோதிப்போம். உங்களுக்கு எது பொருந்தும், எங்களால் எதில் உதவ முடியும், எதற்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று சொல்வோம். வரும்போது வேலைக்கு அணியும் கண்ணாடியும், பக்கவாட்டிலிருந்து உங்களுக்குத் தெரியாமல் எடுத்த ஒரு படமும் கொண்டுவாருங்கள். நேரம் பதிவு செய்ய எங்கள் பக்கத்தில் உள்ள எண்ணை அழைக்கலாம்.”

இன்ஸ்டாகிராமில் முதல் ஓரிரு வரிதான் வெளியே தெரியும், மீதி சுட்டினால்தான் விரியும். அதனால்தான் கால் கேள்வியை முதலில் போட்டோம். மையத்தின் பெயரும் என் படிப்பும் பக்கத்தின் தலைப்பிலேயே இருக்கின்றன, குறிப்பில் மறுபடி அடுக்கவில்லை. “சௌகரியம் தரும்” என்ற இடத்தில் “வலியைத் தடுக்கும்” என்று மாற்றலாமா என்று தம்பி கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். தடுக்கும் என்று என்னால் காட்ட முடியாது என்பதால் விடவில்லை.

படத்தைப் போட்ட பிறகு வந்த அழைப்புகளில் பாதி நேரம் பதிவு செய்ய, பாதி சந்தேகம் கேட்க. ஒரு ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து, ரீம் காகிதத்தைக் காலடியில் போடுவது சரஸ்வதியை மிதிப்பதாகாதா என்று ஒரு பெரியவர் கேட்டார். எழுதாத காகிதமானாலும் அவர் மனம் ஒப்பவில்லை. மரப்பலகையோ பழைய செங்கலைத் துணியில் சுற்றியோ வையுங்கள் ஐயா, உயரம்தான் முக்கியம் என்றேன். அடுத்த முறை படம் எடுத்தால் பலகையோடுதான் எடுக்க வேண்டும்.

வரவேற்பில் இருக்கும் பெண்ணுக்கும் பதில்களைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. குறிப்பில் கவனமாக இருந்துவிட்டுத் தொலைபேசியில் “கவலைப்படாதீர்கள், ஒரு வாரத்தில் சரியாகிவிடும்” என்று அவர் ஆறுதலாகச் சொல்லிவிட்டால் எழுதியதற்கு அர்த்தமில்லை. அதிகம் வரும் கேள்விகள் இரண்டு. “கரன்ட் வைப்பீர்களா?” என்பது ஒன்று. சோதித்த பிறகு தேவைப்பட்டால் வைப்போம், அது சிலருக்கு அந்த நேரத்து வலியைக் குறைக்கும், வீட்டில் செய்யும் பயிற்சிக்கு அது மாற்று இல்லை என்பது பதில். “எத்தனை நாளில் சரியாகும்?” என்பது மற்றது. “பார்க்காமல் சொல்ல முடியாதுங்க. முதல் நாள் சோதித்துவிட்டு, எத்தனை வாரத்தில் எந்த அளவு மாற்றத்தை எதிர்பார்க்கலாம் என்று சொல்வார்கள். அதற்குள் மாற்றம் தெரியாவிட்டால் மருத்துவரிடம் அனுப்புவார்கள். செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தரைக்கு இடம் இருக்கிறது, பதிவு செய்துகொள்ளட்டுமா?” என்கிறார். இப்போது அவரே தாளைப் பார்க்காமல் சொல்கிறார்.